சுந்தரவல்லிக்கு மட்டும் அனுமதி இல்லை

ஹம்சினி சில்க்ஸின் நான்கு மாடிகளிலும் ஒயர் இல்லாமல் கம்ப்யூட்டர் ஓடும்படி செய்தவன் நான்தான். இந்த வாக்கியத்தை நான் யாரிடமும் சொல்லாமல் விட்ட நாள் கிடையாது. புடவை வாங்க வந்த ஒரு அம்மாளிடம் லிஃப்டில் கூடச் சொல்லியிருக்கிறேன். அவர் "மூணாவது மாடிப்பா" என்றார். பட்டனை அழுத்தினேன்.

பாண்டி பஜாரிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடை. மாடிக்கு மாடி கூரையில் ஒரு வெள்ளைப் பெட்டி தொங்கும். லேப்டாப் அந்தப் பெட்டியோடு பேசும். ஆனால் யாரை உள்ளே விடுவது என்று முடிவு செய்யும் அதிகாரம் பெட்டிக்கு இல்லை. அது வெறும் வாசல் காவலாள். வந்தவர் பெயரையும் பாஸ்வேர்டையும் நான்காவது மாடியில் என் அறையில் இருக்கும் ரேடியஸ் சர்வருக்கு அனுப்பும். சர்வர் "விடு" என்றால் விடும், "விடாதே" என்றால் விடாது. அடுத்த மாடிக்குப் போனால் அங்கிருக்கும் பெட்டி மறுபடி சர்வரைக் கேட்கும். ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனி பாஸ்வேர்ட்.

இவ்வளவும் எந்தக் கம்பெனியிலும் இருப்பதுதான். அதற்கு மேல் நான் சொந்தமாக ஒரு நகாசு செய்திருந்தேன். ஒரு பெயரில் தொடர்ந்து ஐந்து முறை தவறான பாஸ்வேர்ட் வந்தால் சர்வர் அந்தப் பெயரையே அரை மணி நேரம் பூட்டிவிடும். அதற்குள் சரியான பாஸ்வேர்ட் வந்தாலும் அனுமதி கிடையாது. திருடன் வந்தால் மாட்டிக்கொள்வான் என்று முதலாளி கல்யாணராமனிடம் விளக்கியபோது அவர் கேட்டார்.

"திருடன் புடவைய எடுப்பானா, பாஸ்வேர்ட எடுப்பானா?"

"ரெண்டையும் சார்."

"சரி, பூட்டிக்கோ."

நவராத்திரி முதல் நாள் காலையில் சர்வர் ஒருவரைப் பூட்டியது. திருடனை அல்ல. கொள்முதல் பிரிவின் சுந்தரவல்லியை.

சுந்தரவல்லிக்கு நாற்பத்திரண்டு வயது இருக்கும். சாந்தோமிலிருந்து பஸ்ஸில் வருவார். சரிகையை விரலால் தொட்டே எந்த ஊர்த் தறி என்று சொல்பவர் என்றெல்லாம் விற்பனைப் பையன்கள் கதை விடுவார்கள். எனக்குத் தெரிந்தவரை அவர் லேபிளைப் பார்த்துத்தான் சொல்வார். ஆனால் சொன்னது தப்பியதில்லை.

அந்த வாரம் அவருக்கு முக்கியமான வாரம். அடையாறில் புதுக் கிளை திறக்கப் போகிறார்கள். மேனேஜர் யார் என்று முதலாளி விஜயதசமி அன்று சொல்வார். போட்டியில் இருவர், சுந்தரவல்லியும் ஸ்ரீநாத்தும். இருவரும் ஆளுக்கு ஒரு லேப்டாப்புடன் மாடி மாடியாகப் போய் தீபாவளிச் சரக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். யார் ஒழுங்காகச் செய்கிறார்கள் என்று முதலாளி தன் அறையிலிருந்தபடியே திரையில் பார்ப்பார். ஸ்ரீநாத் பதினோரு வருடம் ஜூனியர், ஆனால் முதலாளி எதிரில் வந்தால் லேப்டாப்பை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக் கும்பிடத் தெரிந்தவன்.

"சாய், என்னை உள்ள விடமாட்டேங்குது" என்று சுந்தரவல்லி என் அறை வாசலில் நின்றார்.

"பாஸ்வேர்ட் சரியா அடிச்சீங்களா மேடம்?"

"அடிச்சேன்."

"கேப்ஸ் லாக்?"

"இல்ல."

"எதுக்கும் இன்னொரு தடவை" என்று சொல்லி, கேப்ஸ் லாக் என்பது என்ன, மனித குலத்துக்கு அது செய்திருக்கும் கெடுதல் என்ன என்பது பற்றி ஒரு சிறு உரை ஆற்றினேன். அவர் நின்றபடியே கேட்டார். நான் பூட்டைத் திறந்துவிட்டேன். அவர் அடித்தார். உள்ளே போய்விட்டது.

"பாத்தீங்களா?" என்றேன்.

மூன்றாவது மாடிக்கு இறங்கினார். அங்கிருந்த பெட்டி சர்வரைக் கேட்டது. சர்வர் விடாதே என்றது. பெயர் மறுபடி பூட்டப்பட்டிருந்தது.

இப்படியே மதியம் வரை போயிற்று. திறப்பேன், உள்ளே வருவார், ஒரு மாடி மாறுவார், வெளியே விழுவார். அதே நேரம் ஸ்ரீநாத்தும் மற்ற எல்லோரும் மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டு சுகமாக வேலை செய்தார்கள்.

அப்போது அவரிடம் இருந்தது ஒரு மாதம் முன்பு புது பாஸ்வேர்டோடு நான் கொடுத்த புது லேப்டாப். ஆகவே லேப்டாப்தான் குற்றவாளி என்று அறிவித்தேன். அதில் என் பெயரைப் போட்டுப் பார்த்தேன். ஜம்மென்று உள்ளே போனது. என் லேப்டாப்பில் அவர் பெயரைப் போட்டேன். அனுமதி இல்லை. ஆக, லேப்டாப்பில் கோளாறு இல்லை, அவர் பெயரில்தான் கோளாறு. இந்த இடத்தில் ஒரு புத்திசாலி என்ன செய்திருப்பான் என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. சுண்டல் வந்துவிட்டது.

எங்கள் கடையில் நான்காவது மாடியில்தான் கொலு. கணக்குப் பிரிவை ஒட்டி ஏழு படி. பொம்மைகள் அடுக்குவதும் சுந்தரவல்லிதான், பல வருடமாக. படிகளுக்குக் கீழே குட்டிப் பூங்கா, குளம், ரோடு, ஒரு சின்ன போலீஸ் ஸ்டேஷன் கூட உண்டு. வீணை இசை ஓடிக்கொண்டே இருக்கும். காலையில் ஷட்டர் தூக்கியதிலிருந்து இரவு ஆரத்தி வரை பாட்டு நிற்கக் கூடாது என்பது முதலாளியின் சட்டம். கடை திறந்த புதிதில் ஒரு நவராத்திரியில் கேசட் சிக்கிப் பாட்டு நின்று போனதாம். அன்று ஒரு புடவைகூட விற்கவில்லையாம். அன்று ஊரே வெள்ளத்தில் இருந்தது என்பதை அவரிடம் யாரும் நினைவூட்டுவதில்லை.

கொண்டைக்கடலைச் சுண்டலை வாங்கிக்கொண்டு பூங்காவை ரசித்தேன்.

"சூப்பரா கீதுல்ல சார்?" என்றார் எலக்ட்ரீஷியன் முருகையன். சிந்தாதிரிப்பேட்டைக்காரர், சீரியல் பல்பு எல்லாம் அவர் கைவண்ணம்.

"போலீஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால பச்சையா விட்டு விட்டு எரியுதே, அந்த சிக்னல் பிரமாதம்."

முருகையன் எட்டிப் பார்த்தார். "அது நான் வெச்சது இல்ல. மேடம் வெச்சிருப்பாங்க. இன்னா சார், உங்க மேட்டர் இன்னாச்சு? மேடத்த மிஷினு உள்ள உடலியாமே."

"பார்த்துட்டு இருக்கேன்."

"அவுங்க சீட்ட வாஸ்து பாத்து திருப்பிப் போடு சார். தெக்க பாத்து குந்திக்கினு கீறாங்க."

நான் சிரித்தேன். மறுநாள் சுந்தரவல்லியின் நாற்காலியைக் கிழக்கே திருப்பிப் போட்டேன். அதை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை என்றுதான் இதுவரை இருந்தேன்.

இரண்டாவது நாள் அவர் பாஸ்வேர்டையே மாற்றினேன். பலனில்லை. மூன்றாவது நாள் மறுபடி மாற்றினேன். ஒரு அதிசயம் மட்டும் கவனத்துக்கு வந்தது. இரவு ஆரத்தி முடிந்தபின் ஒரு தடவை திறந்துவிட்டால், கடை மூடும்வரை இருந்த கொஞ்ச நேரமும் சுந்தரவல்லிக்கு எல்லா மாடியிலும் தடையின்றி வேலை செய்தது. இதை முதலாளியிடம் சொல்லப் போய், அவர் காரணமும் கேட்டதால், வாயில் வந்ததைச் சொன்னேன்.

"பகல்ல கூட்டம் சார். எல்லாரும் பட்டைப் பிரிச்சுப் போடறாங்க. சரிகை உலோகம் இல்லையா, சிக்னலைத் தடுக்குது."

பக்கத்தில் சுந்தரவல்லி நின்றார். "ஸ்ரீநாத்தும் பட்டு செக்ஷன்லதான் நிக்கிறான். அவன் சிக்னல் மட்டும் வாழை இலையிலயா வருது?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"இதோ பாரும்மா" என்றார் முதலாளி அவரிடம். குரலில் கோபம் இல்லை, அதுதான் மோசம். "ஸ்ரீநாத் மூணு மாடி முடிச்சுட்டான். நீ ஒரு மாடிகூட முடிக்கல. அடையாறுல மொத்தமும் இந்த மிஷின்லதான். இது உனக்குப் பிடிபடலைன்னா நான் யோசிக்கணும்."

"எனக்குப் பிடிபடாம இல்ல சார். அதுக்குத்தான் என்னைப் பிடிக்கல."

"சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள் வரைக்கும் பார்ப்போம். அதுக்குள்ள சரியாகலைன்னா ஸ்ரீநாத்."

வெளியே வந்ததும் சுந்தரவல்லி "பதினேழு வருஷம் சாய்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

நான் என் அறைக்கு ஓடிப்போய் சர்வர் முன்னால் உட்கார்ந்தேன். அவருக்காக என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் "ஒரு பொம்பளையை உள்ள விடத் தெரியாத சர்வர் எதுக்கு" என்று முதலாளி அடுத்து கேட்பார் என்ற பயமே பெரிது.

ரேடியஸ் சர்வர் ஒவ்வொரு அனுமதியையும் மறுப்பையும் பதிவு செய்யும். ஒரு வரியில் நேரம், பெயர், மறுத்த காரணம், எந்த மாடிப் பெட்டி கேட்டது, கடைசியில் கேட்ட கருவியின் அடையாள எண் எல்லாம் இருக்கும். ஒவ்வொரு லேப்டாப்பின் ஒயர்லெஸ் கார்டுக்கும் ஒரு எண் உண்டு. ஒன்றைப் போல் இன்னொன்று இராது. நான் அந்தப் பதிவை முதல் நாளிலிருந்தே பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் என் திரையின் வலது பாதியில் கிரிக்கெட் ஸ்கோர் ஓடும். அதனால் பதிவு ஜன்னலைக் குறுக்கி வைத்திருந்தேன். நேரம், பெயர், காரணம் தெரியும். மிச்சம் ஸ்கோருக்குப் பின்னால் மறைந்திருக்கும்.

தெரிந்த பாதியே எனக்குப் போதுமானதாக இருந்தது. சுந்தரவல்லி, தவறான பாஸ்வேர்ட். சுந்தரவல்லி, தவறான பாஸ்வேர்ட். ஐந்து முறை. பிறகு, சுந்தரவல்லி, பூட்டப்பட்ட பெயர். வரிசை வரிசையாக. நிமிடத்துக்கு மூன்று நான்கு. இந்த அம்மாள் மாடிப்படியில் போகும்போதுகூடத் தப்புத் தப்பாக அடித்துக்கொண்டே போகிறார் என்று முடிவு செய்தேன்.

கெடு நாள் வந்தது. காலையில் முதலாளி கொலுவுக்குக் கற்பூரம் காட்ட நான்காவது மாடிக்கு வந்தபோது நானே போய் நின்றேன்.

"சார், கண்டுபிடிச்சுட்டேன். சிஸ்டத்துல தப்பு இல்ல. மேடம்தான் பாஸ்வேர்ட் தப்பா அடிக்கிறாங்க. பதிவு இருக்கு. வந்து பாருங்க."

சுந்தரவல்லி அப்போதுதான் சுண்டல் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் சொன்னது காதில் விழுந்தது.

"நான் தப்பா அடிக்கிறேனா?"

"கோச்சுக்காதீங்க மேடம். வளையல் பட்டுக்கூட ஒரு எழுத்து கூட விழலாம்."

"சரி. வா, காட்டு."

பாத்திரத்தை இறக்காமலே என் அறைக்கு வந்தார். முதலாளி வந்தார். ஸ்ரீநாத் யாரும் கூப்பிடாமல் வந்தான். முருகையன் ஏணியோடு வந்தார்.

எல்லோரும் பார்க்கும்படி திரையை முதலாளி பக்கம் திருப்பினேன். ஸ்கோர் தெரிந்தால் அசிங்கம் என்று அதை மூடிப் பதிவை முழுத் திரைக்கு விரித்தேன். அவர் பெயரின் பூட்டைத் திறந்தேன். "இப்ப மேடம் அடிப்பாங்க, தப்பு வரும், பாருங்க" என்றேன்.

"நான் எங்க அடிக்கிறேன்? என் லேப்டாப் அங்க மேஜை மேல மூடி இருக்கு. கையில சுண்டல் இருக்கு."

அவர் சொல்லி முடிக்கும்போது திரையில் ஒரு வரி வந்து விழுந்தது. சுந்தரவல்லி, தவறான பாஸ்வேர்ட்.

முதலாளி சுந்தரவல்லியின் கைகளைப் பார்த்தார். இரண்டும் பாத்திரத்தில் இருந்தன. திரையைப் பார்த்தார். இன்னொரு வரி வந்தது.

"இப்ப அடிச்சது யாருப்பா?" என்றார்.

நான் இல்லை என்று காட்டக் கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன். கொலுவிலிருந்து வீணை இசை வந்துகொண்டிருந்தது.

"வளையல்" என்றார் சுந்தரவல்லி.

பிறகுதான், ஸ்கோர் போன பிறகு அகலமாகத் தெரிந்த அந்த வரியை முதல் தடவையாக முழுசாகப் படித்தேன். கேட்ட பெட்டி, நான்காவது மாடி. கேட்ட கருவியின் எண்ணைச் சுந்தரவல்லியின் லேப்டாப் அடியில் நானே ஒட்டியிருந்த சீட்டோடு ஒப்பிட்டேன். அது வேறு, இது வேறு. பின்னோக்கி ஓட்டிப் பார்த்தேன். நவராத்திரி முதல் நாளிலிருந்து தவறான பாஸ்வேர்ட் என்ற அத்தனை வரியிலும் அதே அன்னிய எண். அவருடைய லேப்டாப் கேட்டதெல்லாம் சரியான பாஸ்வேர்டோடுதான் கேட்டிருந்தது. பாதி நேரம் பெயர் பூட்டப்பட்டிருந்ததால் மறுப்பு.

"சார், யாரோ மேடம் பேர்ல உள்ள வரப் பார்க்கறான். இந்த மாடியிலதான் இருக்கான்" என்றேன். கத்தியே விட்டேன். பயத்தால் அல்ல, சந்தோஷத்தால். கடைசியில் எனக்கு ஒரு திருடன் கிடைத்துவிட்டான்.

ஸ்ரீநாத் ஒரு அடி பின்னால் போனான். அவன் லேப்டாப்பைப் பிடுங்கி எண்ணைப் பார்த்தேன். அவனுடையது இல்லை. கணக்குப் பிரிவில் இருந்த எல்லா லேப்டாப்பையும் கவிழ்த்துப் பார்த்தேன். இல்லை. அலமாரியைத் திறந்தேன். வாட்ச்மேனின் டிபன் பையைக்கூடப் பார்த்தேன். கடைசியில் கொலுவுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டேன். போவதற்கு வேறு இடமில்லை.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால் பச்சை விளக்கு விட்டு விட்டு எரிந்தது.

இரண்டு தடவை வேகமாக மின்னும். நிற்கும். மறுபடி மின்னும். அப்படி மின்னுகிற விளக்கு உலகத்தில் எதற்கு உண்டு என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடையில் பச்சை விளக்குள்ள அந்த ஒயர்லெஸ் கார்டுகளை லேப்டாப்புக்கு லேப்டாப் பக்கவாட்டில் செருகியவனே நான்தான்.

"மேடம், பாட்டு எதுலேர்ந்து வருது?"

"என் பழைய லேப்டாப்லேர்ந்து. படிக்குக் கீழ வெச்சிருக்கேன். முதலாளிகிட்ட கேட்டுத்தான் வெச்சேன். பாட்டெல்லாம் அதுலயே இருக்கே, நெட்டு எதுக்கு அதுக்கு?"

நெட்டு தேவையில்லைதான். ஆனால் அது லேப்டாப்புக்குத் தெரியாது. கார்டோடு வந்த புரோகிராமில் அவர் பெயரும் ஒரு மாதத்துக்கு முந்திய பாஸ்வேர்டும் பத்திரமாக இருந்தன. காலையில் முருகையன் ஸ்விட்சைப் போட்டதும் பாட்டரி போன அந்த லேப்டாப் எழுந்திருக்கும். ஒரு பக்கம் வீணை வாசிக்கும். மறு பக்கம், "நான் சுந்தரவல்லி, இது என் பாஸ்வேர்ட்" என்று கூரைப் பெட்டியிடம் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கும். உள்ளே விடவில்லை என்று திரையில் செய்தி வந்திருக்கும், ஆனால் திரை மூடி இருந்தது, மேலே ஏழு படி பொம்மை இருந்தது. ஐந்து தப்பு சேர்ந்ததும் என் சர்வர் பெயரைப் பூட்டும். நான் திறப்பேன். அது மறுபடி ஐந்து சொல்லும். இரவு ஆரத்தி முடிந்து ஸ்விட்சை அணைத்தால் தூங்கிவிடும். சரிகையும் கூட்டமும் நிரபராதிகள்.

பழைய லேப்டாப்பைத் திரும்ப வாங்கி எல்லாவற்றையும் அழிப்பது யாருடைய வேலை என்று முதலாளி கேட்கவில்லை. கேட்காமல் என்னைப் பார்த்தார்.

"ஆஃப் பண்ணிடறேன் சார்" என்று குனிந்தேன்.

"பாட்டு நின்னுதோ..." என்றார் முதலாளி. மீதியைச் சொல்லவில்லை.

ஆகவே நான் மண்டியிட்டு, போலீஸ் ஸ்டேஷனை நகர்த்தி, குளத்தில் முழங்கையை நனைத்து, படிக்கு விரித்திருந்த துணிக்குள் தலையைக் கொடுத்தேன். உள்ளே லேப்டாப் வீணை வாசித்துக்கொண்டிருந்தது. கார்டைப் பிடித்தேன். ஓடுகிற மிஷினிலிருந்து கார்டைப் பிடுங்கினால் சில சமயம் மிஷின் அப்படியே உறைந்துவிடும். இதை நான் பலருக்கு எச்சரிக்கையாகச் சொல்லியிருக்கிறேன்.

இழுத்தேன். வீணை ஒரு மாத்திரை நின்றது. மேலே ஏழு படியும் எண்பது பொம்மையும் மூச்சைப் பிடித்துக்கொண்டன. பிறகு தொடர்ந்தது.

தலையை வெளியே எடுத்தேன். "சாய் சார் மீசையில பாசிப்பயிறு" என்றார் முருகையன். பூங்காவுக்காக முளை கட்டியிருந்த பயிர் அது.

பூட்டைத் திறந்தேன். சுந்தரவல்லி சுண்டலை இறக்கி வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தார். பாஸ்வேர்டை நிதானமாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒவ்வொரு கட்டையாக அழுத்தினார். வளையல் எதன் மேலும் படவில்லை. உள்ளே போனார். மூன்றாவது மாடிக்கு இறங்கினார். நானும் பின்னால் ஓடினேன். பெட்டி கேட்டது, சர்வர் விடு என்றது. இரண்டாவது மாடி. விடு. முதல் மாடி. விடு. நான் மூச்சு வாங்கினேன், அவர் வாங்கவில்லை.

அன்று கடை மூடுவதற்குள் நான்கு மாடிச் சரக்கையும் ஏற்றிவிட்டார். ஒரு வாரமாக உள்ளே நுழைய முடியாவிட்டாலும் எண்ணுகிற வேலையை அவர் நிறுத்தவே இல்லை. ஏற்றுவது மட்டும்தான் பாக்கி இருந்திருக்கிறது. முதலாளி தன் அறையில் திரையைப் பார்த்துக்கொண்டே காபி குடித்தார். ஸ்ரீநாத்தின் கணக்கில் மூன்றாவது மாடியில் ஒரே அலமாரி இரண்டு தடவை ஏறியிருந்ததையும் அந்தத் திரையே காட்டியது.

விஜயதசமி அன்று அடையாறு கடையில் பூஜை. மேனேஜர் நாற்காலியில் சுந்தரவல்லி. நான் கூரையில் வெள்ளைப் பெட்டி மாட்டிவிட்டு இறங்கினேன்.

முதலாளி கேட்டார். "இவனை இந்தக் கிளைக்கும் வெச்சுக்கறியாம்மா?"

"வெச்சுக்கறேன் சார். ஒரே ஒரு கண்டிஷன். கிரிக்கெட் பார்க்கறதுன்னா டிவியில பார்க்கட்டும்."

எப்படித் தெரிந்தது என்று கேட்க வேண்டியதில்லை. ஒரு வாரமாக என் அறை வாசலில் நின்றவர் அவர்தானே. அங்கிருந்து என் திரை நன்றாகத் தெரியும்.

சுண்டல் வந்தது. சுந்தரவல்லி முதலாளிக்குக் கொடுத்தார். முருகையனுக்கு இரண்டு தொன்னை. ஸ்ரீநாத்துக்கும் முகம் சுளிக்காமல் கொடுத்தார். என் முறை வந்ததும் கரண்டியைப் பாத்திரத்தின் விளிம்பில் நிறுத்தினார்.

"பேரு?"

"மேடம்..."

"பேரு சொல்லுப்பா. மேல கேட்டுத்தான் குடுக்கணும்."

"சாய்நாத்."

அவர் கண்ணை மூடி யாரையோ கலந்தாலோசித்தார். பின்னால் வரிசை நீண்டது.

"அரை மணி கழிச்சு வா" என்றார்.